கேள்வியை இன்னொரு முறை

2009ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நாற்பது பேர் உட்கார்ந்திருந்த ஓர் அறையில், நான் நம்பாத ஒன்றுக்கு ‘ஆமாங்கய்யா’ என்றேன். அது என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் அந்த அறை ஒன்றுபோலத்தான் இருக்கும். நீள மேசை, நடுவில் புறத்தேர்வாளர், பக்கத்தில் நெறியாளர், பூங்கொத்து, மூடி போட்ட தண்ணீர் டம்ளர், மேலே கடகடக்கும் மின்விசிறி. எதிரே நாற்காலிகளில் பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், புடவை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கும் அம்மா, நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் கணவர்.

ஆய்வேடு ஔவையாரைப் பற்றியது. சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. அதியமானின் அவையில் இருந்தவர், தொண்டைமானிடம் தூது போனவர், காதலின் தவிப்பைத் தன் குரலில் பாடியவர் இந்த ஔவை. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எழுதியவர் வேறொருவர். அவருக்கும் இவருக்கும் நடுவே பல நூற்றாண்டுகள். ஆனால் பாடப் புத்தகத்திலும் திரைப்படத்திலும் கோலூன்றிய ஒரே கிழவிதான். பல பெண்களை ஒரு பாட்டியாக உருக்கி வார்த்துவிட்டோம் என்பதுதான் என் மூன்றாம் இயல். ஆறு வருட உழைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இயலும் அதுதான்.

புறத்தேர்வாளர் மென்மையான குரல்காரர். ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், வேகமாகக் கேட்டார்: “சங்க ஔவையும் ஆத்திசூடி ஔவையும் ஒருவர் அல்லர் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது, இல்லையாம்மா?”

மின்விசிறிச் சத்தத்தில் என் காதில் விழுந்தவை ‘சங்க ஔவை’, ‘ஒருவர் அல்லர்’, ‘உறுதியாக’, ‘இல்லையாம்மா’. அவ்வளவுதான். அவர் முகத்தில் லேசான புன்னகை இருந்தது. என் கருத்தை ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்தேன். “ஆமாங்கய்யா” என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: “அப்படியென்றால் மூன்றாம் இயல் எதற்கு?”

அந்த இடத்தில் எல்லாம் போய்விட்டது. 59 என்ற எண் போனது, அதியமான் போனார், என் இயலின் தலைப்பே போனது. தண்ணீர் டம்ளரின் மூடியில் பொறித்திருந்த ஒரு பூ மட்டும் இன்றுவரை நினைவில் இருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில் அவர், “பரவாயில்லம்மா, பதற்றப்படாதீங்க” என்று அடுத்த இயலுக்குப் போனார். பட்டம் கிடைத்தது. கைதட்டினார்கள், வடையும் காப்பியும் கொடுத்தார்கள். ஆனால் திருத்தமாக ஒரு வாக்கியத்தை மூன்றாம் இயலின் முடிவில் சேர்க்கச் சொன்னார்கள்: இருவரும் வேறு என உறுதியாகக் கூற இயலாது என்பதை ஆய்வாளரும் ஏற்கிறார். சேர்த்தேன். நூலகப் படியில் அந்த வாக்கியம் இன்னும் இருக்கிறது. அதை எழுதியவள் நான்தான், நினைத்தவள் நான் இல்லை.

இதில் தேர்வாளர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கேள்வியை இன்னொரு முறை சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் பதினைந்து வருடங்களாக என்னைக் குடையும் விஷயம்.

எங்கள் வீட்டில் கூடத்திலிருந்து அப்பா ஏதாவது சொன்னால், அடுக்களையில் தாளிக்கிற ஓசையிலும் அம்மாவுக்கு அது முதல் தடவையே கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், “காது என்ன செவிடா?” அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் “சரிங்க” என்பார். பிறகு எங்களில் ஒருத்தியை அனுப்பி, அப்பா என்ன சொன்னார் என்று ஜாடையாகத் தெரிந்துவரச் சொல்வார். அதே அப்பா, அம்மா ஏதாவது சொன்னால் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே “என்ன?” என்பார். இரண்டு தடவை, மூன்று தடவை கேட்பார். அதில் அவருக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. திரும்பச் சொல்லவைக்கும் உரிமை ஒருவருக்கு, முதல் தடவையே விளங்கிக்கொள்ளும் கடமை இன்னொருவருக்கு. தேர்வு அறையில் நான் சொன்ன ‘ஆமாங்கய்யா’, அம்மாவின் ‘சரிங்க’தான். பின்வாசல் வழியாக அனுப்பிக் கேட்டுவர அங்கே யாரும் இல்லை என்பது மட்டும் வேறுபாடு.

இப்போது நான் திருவான்மியூரில் குடியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வு நெருங்கும் ஆய்வு மாணவிகள் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வருவார்கள். கடல் காற்று, கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, இவற்றுக்கு நடுவே ஒத்திகை நடக்கும். நான் தேர்வாளராக உட்கார்ந்து வேண்டுமென்றே மெல்லிய குரலில், வேகமாக, இரண்டு எதிர்மறைகளைச் சேர்த்துக் கேட்பேன். வந்தவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: தலையை ஆட்டிவிட்டு, தங்களுக்குத் தெரிந்த வேறு எதையோ பேசத் தொடங்குவார்கள். “நான் என்ன கேட்டேன்?” என்று நிறுத்திக் கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

ஒத்திகைகளில் நான் கற்றுக்கொண்டது இது. ‘பதில் வரவில்லை’ என்று நாம் மொத்தமாகச் சொல்வது நான்கு வெவ்வேறு நிலைமைகளை. கேள்வி காதில் விழாதது ஒன்று. விழுந்தும் பொருள் பிடிபடாதது ஒன்று. பொருள் புரிந்தும், தெரிந்த பதில் நினைவுக்கு வராதது ஒன்று. பதிலே தெரியாதது ஒன்று. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நான்கும் ஒரே மௌனம்தான். அந்த மௌனத்தை வைத்து அவர் எதை வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளலாம். பெண்ணின் மௌனம் என்றால் பெரும்பாலும் நான்காவதாகத்தான் முடிவு செய்வார்கள். அல்லது, என் விஷயத்தில் நடந்ததுபோல, சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் எந்த நிலையில் இருக்கிறோமோ அதை வாய்விட்டுச் சொல்வதுதான் முதல் வேலை.

இதற்கு நம் மொழி நமக்குத் துணையாக இருக்கிறது. “கேள்வி சரியாகக் காதில் விழவில்லை ஐயா, இன்னொரு முறை சொல்ல முடியுமா?” இந்த வாக்கியத்தில் யாருக்கும் பழி இல்லை. விழாதது கேள்வி. நானும் தவறவிடவில்லை, நீங்களும் முணுமுணுக்கவில்லை. “நீங்கள் சொன்னது தெளிவாக இல்லை” என்றால் பழி அவர்மேல் போகிறது. “மன்னிக்கணும் ஐயா, எனக்குத்தான் கொஞ்சம் மெதுவாப் புரியும்” என்றால் பழியை நாமே வாரித் தலையில் போட்டுக்கொள்கிறோம். என் மாணவிகளில் பலர் முதலில் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். பணிவு என்று நினைத்துச் சொல்கிறார்கள். பணிவு என்பது எதிரில் இருப்பவருக்குத் தரும் மரியாதை, அதற்கு ‘ஐயா’வும் ‘முடியுமா’வும் போதும். தன்னைப் பற்றிப் பொய்யாகக் குறைத்துச் சொல்வது பணிவாகாது. தேர்வாளர் மதிப்பெண் போடுவதற்கு முன்பே நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் குறைந்த மதிப்பெண் அது.

பொருள் பிடிபடாதபோது கேட்கும் விதம் வேறு. இங்கே நன்னூல் உதவும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரித்தார். பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம்: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். விடை தெரிந்தவர் மாணவரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தேர்வாளர் கேட்பதெல்லாம் இந்த வகை. தெரியாமல் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐயவினா. “புரியவில்லை, என்ன கேட்கிறீர்கள்?” என்று நாம் திருப்பிக் கேட்டால் அது அறியாவினா. கேட்பதில் தவறில்லை, ஆனால் முழுச் சுமையும் அவர்மேல் விழுகிறது. அவர் அதே வாக்கியத்தை அதே வேகத்தில் இன்னும் சற்று உரக்கச் சொல்வார், நமக்கு இன்னும் கொஞ்சம் வியர்க்கும். அதையே ஐயவினாவாக்கினால் நிலைமை மாறுகிறது: “ஐயா, இருவரும் ஒருவரா வேறா என்று கேட்கிறீர்களா, அல்லது அதை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று கேட்கிறீர்களா?” இப்படிக் கேட்கிறவள் கேள்வியைப் பாதி புரிந்துகொண்டவள் என்பது எல்லோருக்கும் தெரியும். தேர்வாளர் ‘முதலாவது’ என்றோ ‘இரண்டாவது’ என்றோ ஒரு சொல் சொன்னால் போதும்.

2009இல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். கேட்டிருந்தால் அவருடைய வாக்கியத்துக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பது சான்றுகளின் வலிமை பற்றிய கேள்வி. ‘ஒருவர் அல்லர்’ என்பது என் முடிவு பற்றிய கேள்வி. பழங்காலப் புலவர் எவரைப் பற்றியும் முழு உறுதி கிடையாது என்பதை முதல் கேள்விக்குத் தயங்காமல் ஒப்புக்கொண்டிருப்பேன். இரண்டாவதற்கு, கிடைக்கிற சான்றெல்லாம் ஒரே பக்கம்தான் சாய்கிறது என்று சொல்லியிருப்பேன். தவிரவும் தமிழில் ‘முடியாது, இல்லையா?’ என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் முடியாது என்று பொருள். ‘இல்லை’ என்றால் முடியும் என்று பொருளா, முடியாது என்று பொருளா என்பதே குழப்பம். எதிர்மறையில் முடியும் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள், முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்று இப்போது மாணவிகளிடம் சொல்கிறேன். “வேறு வேறானவர்கள் என்றே நான் கருதுகிறேன் ஐயா” என்றால் அதை யாரும் திருப்பிப் போட முடியாது.

நன்னூல் விடையையும் எட்டாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று, வினாவுக்கு எதிராக வினாவையே விடையாகச் சொல்வது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் முதல் இயலில், கேள்விக்குப் பதிலாக வரும் கேள்வியும் பதிலாகவே கொள்ளப்படும் என்று இடம் கொடுத்திருக்கிறது. உரைகள் காட்டும் உதாரணங்கள் வேறு வகை. “இதைச் செய்வாயா?” என்றால் “செய்யமாட்டேனா?” என்பதுபோல, கேள்வி வடிவத்தில் வரும் சம்மதம். நான் சொல்லும் திருப்பிக் கேட்டலுக்கு அவை நேரான சான்று ஆகா. ஆனாலும் எதிர்க் கேள்வியை அதிகப்பிரசங்கித்தனம் என்று ஒதுக்காமல் விடை வகைகளுக்குள் உட்கார வைத்த மரபு நம்முடையது. அதே நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலை இரண்டாம் முறை கேட்பவனுக்குப் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்பவன் எடுத்துரைக்கவே வல்லவன் ஆவான் என்ற கருத்து வருகிறது. ‘கேட்பவன்’ என்றுதான் அங்கே இருக்கிறது, ‘கேட்பவள்’ இல்லை. அந்த ஒரு விகுதியை மாற்றிக்கொள்ளும் வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது.

ஒரு மாணவி மாடியில் என்னிடம் கேட்டாள்: “அம்மா, கேள்வி நல்லாவே கேட்டுச்சு, புரியவும் புரிஞ்சுது. பதில்தான் வரல. யோசிக்க நேரம் வேணும்னு, கேட்கலைன்னு சொல்லி இன்னொரு தடவை கேட்கச் சொல்லலாமா?” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது அன்றைக்கு வந்த நல்ல கேள்வியாகப் பட்டது. தேர்வுக்குத் தயார்செய்யும் பல பேர் இதை ஒரு தந்திரமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். சிறிய பொய்தான், யாருக்கும் நட்டமில்லை என்பார்கள்.

நட்டம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லும்போது, யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வது வெட்கப்பட வேண்டிய செயல் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். காதில் விழாததற்கு மன்னிப்பு உண்டு, சிந்திப்பதற்கு இல்லை என்று ஆகிவிடுகிறது. அது என் அம்மாவின் ‘சரிங்க’வுக்குத் தங்கைதான். நேரம் வேண்டுமென்றால் நேரத்தையே கேட்கலாம்: “சற்று யோசித்துச் சொல்கிறேன் ஐயா.” இது பொய் இல்லை. கேள்வியை மதிக்கிறோம் என்பதும் இதில் தெரிகிறது.

அந்த ‘சற்று’ எவ்வளவு? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து நேரம் கணக்கிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாகக் காத்திருந்தது ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், ‘தெரியாது’ என்பது குறைந்தது. மாடியில் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறோம். நிற்பவளுக்கு யுகமாகத் தோன்றும் மௌனம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஐந்து நொடியாக இருக்கும். சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளும் பத்து நொடி யாரையும் உறுத்துவதில்லை. சொல்லாமல் விழும் ஐந்து நொடிதான் உறுத்துகிறது.

மூன்றாம் நிலைமை, மனம் வெறுமையாகிப்போவது, இதுதான் எல்லோரும் பயப்படுவது. ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் 1993இல் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். ஆட்களைச் செயற்கையாகப் பதற்றப்பட வைத்து உடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு குழுவின் முன் நின்று ஐந்து நிமிடம் பேச வைத்தார்கள். பிறகு 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள், தவறினால் மறுபடி 1022இலிருந்து. குழுவில் இருப்பவர்கள் சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது. அவ்வளவுதான். பெரும்பாலானவர்களின் உடலில் கார்ட்டிசால் என்ற சுரப்பு உயர்ந்தது. பதற்றத்தை உண்டாக்க இன்றும் உலகெங்கும் இந்த முறையைக் கையாளுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உணர்ச்சி காட்டாத குழு, நிற்க வைத்துக் கேள்வி, எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற உணர்வு: வாய்மொழித் தேர்வு என்பதே பதற்றத்துக்கான செய்முறை. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைப்படி அது திறந்த அவையில் நடக்க வேண்டியது என்பதால் பார்க்கும் கண்கள் இன்னும் அதிகம். அங்கே மனம் வெறுமையாவது அறிவின் குறை இல்லை. ‘எல்லோரும் என்ன நினைப்பார்கள்’ என்ற ஒரு நினைப்பு முன்னறையை முழுதாக அடைத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பவை வெளியே வர வழியில்லாமல் நிற்கின்றன. தமிழில் நாம் ‘நினைவுக்கு வரவில்லை’ என்றுதானே சொல்கிறோம். இல்லை என்று சொல்வதில்லை, இன்னும் வரவில்லை என்கிறோம்.

வராததைத் துரத்தினால் வராது. 2009இல் நான் செய்தது அதுதான்: ‘மூன்றாம் இயல் எதற்கு’ என்ற பெரிய கேள்விக்கு ஒரே பாய்ச்சலில் பெரிய பதிலைத் தேடினேன். இப்போது நாங்கள் மாடியில் பழகுவது சிறிய காரியங்களை. கேள்வி வரும்போதே கையில் பேனாவும் தாளும் இருக்க வேண்டும், கேள்வியின் முக்கியமான இரண்டு சொற்களை எழுதிக்கொள்ள வேண்டும். மனம் வெறுமையானால் தாளில் கேள்வியாவது மிஞ்சியிருக்கும். அடுத்தது, மூச்சை நிதானமாக வெளியே விட்டு, நிலைமையைச் சொல்வது: “பதில் தெரியும் ஐயா, சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஆய்வேட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.” ஆய்வேடு மேசைமேல் நம் முன்னால்தான் இருக்கிறது. நாம் எழுதியதை நாம் பார்ப்பதில் குற்றமில்லை. ஒவ்வொரு இயலின் தொடக்கத்திலும் ஓரத்தில் ஒரு வண்ணத் தாளை ஒட்டி வைத்திருந்தால் நடுங்கும் விரலுக்கும் பக்கம் கிடைக்கும்.

அதன்பின் பெரிய பதிலை விட்டுவிட்டு, மறக்க முடியாத ஒரு சிறு உண்மையைச் சொல்ல வேண்டும். இதை ‘முளை’ என்று நாங்கள் அழைக்கிறோம், மாட்டைக் கட்டும் முளை. ஒவ்வொரு இயலுக்கும் ஒரு முளை முன்பே அடித்து வைக்க வேண்டும். என் மூன்றாம் இயலுக்கு முளை 59 என்ற எண். “சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன” என்று வாய் சொல்லிவிட்டால், அதன் பின்னாலேயே அவை ஆசிரியப்பாவில் அமைந்தவை என்பது வரும். ஆத்திசூடி ஒற்றை வரிகளால் ஆனது, அதன் மொழி பிற்காலத்தது என்பது வரும். விநாயகர் அகவல் ஔவையார் பெயரில் இருக்கிறது, ஆனால் சங்கப் பாடல்களில் விநாயகர் வழிபாடு இல்லை என்பது வரும். கதைகளில் வரும் ஔவை கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் வாதாடுகிறாள், அதியமானோ பல நூற்றாண்டுகள் முந்தியவன் என்பது வரும். நான்கு வாக்கியத்தில் ‘மூன்றாம் இயல் எதற்கு’ என்பதற்கான பதில் தானாக வந்து நிற்கிறது. மொட்டை மாடியில் எனக்கே பலமுறை வந்திருக்கிறது. அந்த அறையில் ஒருமுறை வந்திருந்தால் போதும்.

நான்காம் நிலைமைக்கு ஒரு வாக்கியம்தான்: “இதை நான் பார்க்கவில்லை ஐயா.” தெரியாததைத் தெரியாது என்று சட்டென்று சொல்லத் தெரிந்தவளை, ‘நினைவுக்கு வரவில்லை’ என்று அவள் சொல்லும்போதும் நம்புவார்கள்.

சென்ற ஆண்டு வந்த மாணவி ஒருத்தி, குடும்பத்தில் முதல் பட்டதாரி, பெண்களின் ஒப்பாரிப் பாடல்களில் ஆய்வு செய்தவள். காதில் விழாவிட்டால் சிரித்துத் தலையாட்டுவது அவள் வழக்கம். ஒத்திகையில் என் பழைய கேள்வியை, ஔவையை எடுத்துவிட்டு ஒப்பாரியைப் போட்டு, அதே வேகத்தில் கேட்டேன்: “ஒப்பாரியைப் பெண்களின் இலக்கியம் அல்ல என்று உறுதியாக மறுத்துவிட முடியாது, இல்லையாம்மா?” அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அம்மா, கேள்வியை இன்னொரு முறை சொல்ல முடியுமா?” நான் மறுபடி சொல்லத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டேன். எத்தனை எதிர்மறை, எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. “ஒப்பாரியை இலக்கியம்னு சொல்றியா, ஏன்?” என்று மாற்றிக் கேட்டேன். அவள் பத்து நிமிடம் பேசினாள்.

திரும்பச் சொல்லச் சொல்வதால் யாருக்கு நன்மை என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒரு கேள்வியை இரண்டாம் முறை அதே வடிவில் யாரும் கேட்பதில்லை. கேட்பவர் தன் கேள்வியைத் தானே முதல்முறையாகக் காதில் வாங்குகிறார், தேவையற்றதை உதிர்க்கிறார். அவளுடைய உண்மையான தேர்விலும் அப்படியே நடந்தது என்று வந்து சொன்னாள். நீளமான ஒரு கேள்வியைத் திரும்பச் சொல்லக் கேட்டபோது தேர்வாளர் சற்று யோசித்துவிட்டு, “ரெண்டு கேள்வியாக் கேட்கிறேம்மா” என்றாராம்.

எல்லா இடத்திலும் இது இப்படி இனிமையாக முடியாது. “இந்தக் கேள்வியே புரியலயா?” என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவரிடம் மூன்றாம் முறை கேட்டுப் பயனில்லை. “நான் புரிந்துகொண்டது இது, அதற்குச் சொல்கிறேன், வேறென்றால் திருத்துங்கள் ஐயா” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் திரும்பச் சொல்லச் சொன்னால் அது வேறு நோயாகிவிடும், தேர்வாளரும் கண்டுகொள்வார். நான்காம் நிலைமையில் இருந்துகொண்டு ஒன்றாம் நிலைமைக்கான வாக்கியத்தைச் சொன்னால், கேள்வி இரண்டாம் முறை வரும்போது ஓடி ஒளிய இடம் இருக்காது.

ஔவையைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த கதையில்கூட ஒரு வாய்மொழித் தேர்வு இருக்கிறது. நாவல் மரத்தில் ஒரு சிறுவன், கீழே களைத்துப்போன கிழவி. சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்கிறான். பழத்தைச் சுடுவது என்றால் என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லாமல் ஏதோ ஒன்றைக் கேட்டுவைக்கிறாள். மண்ணை ஊதும்போது மேலிருந்து கேலி வருகிறது, பிறகு சிறுவன் முருகனாகிறான். படித்த பெண்ணின் கர்வம் அடங்கியது என்று கதை சொல்கிறவர்கள் முடிப்பார்கள். நான் மாணவிகளிடம் கதையை அந்த முதல் கேள்வியோடு நிறுத்திவிடுவேன். நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்பேன்.

ஒப்பாரி ஆய்வு செய்தவள் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவே இல்லை. “சுட்ட பழம்னா என்னப்பான்னு கேட்பேன்” என்றாள்.